பெயர் சூட்டு விழாவில் தாய்மாமன் பேச்சு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அக்கா பொண்ணுக்கு 16ஆம் நாள் தொட்டில் போடுறோம். தாய்மாமன்னு என்னைப் பேசச் சொல்லிட்டாங்க. எப்போ எழுந்து பேசுறது, எவ்வளவு நேரம்?

காதில் பெயர் சொல்லி முடித்த பிறகு, பந்திக்கு இலை போடுவதற்கு முன். புண்ணியாகவாசனம் முடிந்து, வீட்டு வழக்கப்படி அப்பாவோ அத்தையோ குழந்தையின் காதில் மூன்று தடவை பெயரைச் சொல்லி, தொட்டிலில் கிடத்தி, பெரியவர்கள் வரிசையாக வந்து சர்க்கரைத் தண்ணீரையோ திருநீற்றையோ தொட்டு வைத்து நகர்ந்த பிறகு ஒரு சின்ன இடைவெளி வரும். அதுதான் உங்கள் நேரம். வரிசை நகர்ந்துகொண்டிருக்கும்போதே மைக்கைப் பிடித்தால் ஒருத்தர் காதிலும் விழாது. அதைவிட முக்கியம், காதில் பெயர் சொல்வதற்கு முன்னால் உங்கள் வாயிலிருந்து அந்தப் பெயர் வரக்கூடாது. அழைப்பிதழில் அச்சாகி ஊருக்கே தெரிந்த பெயராக இருந்தாலும், அதைச் சபையில் முதலில் உச்சரிக்கும் உரிமை சொல்கிறவருக்குத்தான்.

4 நிமிடம் போதும். நிதானமாகப் பேசினால் 300, 350 சொற்களுக்குள் அடங்கும். குழந்தை பசிக்கு அழும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்: உங்கள் அக்காவுக்குப் பிரசவமாகி 16 நாள்தான் ஆகிறது, காலையிலிருந்து பட்டுப் புடவையில் மணையில் உட்கார்ந்திருக்கிறார், நீங்கள் எப்போது முடிப்பீர்கள் என்று அவர் முகத்திலேயே தெரியும்.

முதல்ல யாரைப் பார்த்துப் பேசணும்? குழந்தையையா, வந்தவங்களையா?

கடவுள், பெரியவர்கள், குழந்தை, பெற்றவர்கள், வந்தவர்கள். இந்த வரிசையில் போனால் எங்கும் இடிக்காது.

கடவுள் என்றால் இங்கே குலதெய்வம். அதிலும் குழந்தையின் அப்பா வீட்டுக் குலதெய்வம், ஏனென்றால் பிள்ளை அந்த வீட்டு வம்சம். தாய்மாமன்கள் பழக்கத்தில் தங்கள் வீட்டுத் தெய்வத்தைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள், அதுவே ஆறு மாதத்துக்குச் சம்பந்தி வீட்டுப் பேச்சாக ஓடும். தெய்வத்தின் பெயரை ஊரோடு சேர்த்து, அவர்கள் வீட்டில் எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே, முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெரியவர்களிலும் அவர்கள் பக்கத்துத் தாத்தா பாட்டிக்குத்தான் முதல் வணக்கம், அப்புறம் உங்கள் அப்பா அம்மா.

பெற்றவர்களுக்கு முன்னால் குழந்தையிடம் பேசச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு மாமா தொட்டிலைப் பார்த்து, "அம்மாடி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தால், பின்வரிசையில் செல்போன் பார்த்துக்கொண்டிருப்பவர்கள்கூடத் தலையைத் தூக்குவார்கள். "பெரியோர்களே, தாய்மார்களே" என்று ஆரம்பித்தால் அப்படி நடக்காது. ஆனால் மைக்கோடு தொட்டிலுக்கு மேல் குனிய வேண்டாம், ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் தொட்டில் இருந்தால் முதலில் அதை நகர்த்தச் சொல்லுங்கள். நாலடி தள்ளி நின்று பேசினாலே போதும்.

பேர் திலகவதின்னு முடிவு பண்ணியிருக்காங்க. நாங்க சைவம், பண்ருட்டிப் பக்கம். பேர்க் காரணம் எவ்வளவு தூரம் சொல்லலாம்?

பண்ருட்டி என்றால் கதை உங்கள் வாசலிலேயே இருக்கிறது. திலகவதியார் பிறந்த திருவாமூரும், அவர் தொண்டு செய்த திருவதிகை வீரட்டானமும் பக்கத்திலேயே இருப்பவை. பெரியபுராணம் சொல்கிறபடி அவர் புகழனார், மாதினியார் தம்பதியின் மகள், அப்பர் என்று நாம் சொல்கிற திருநாவுக்கரசரின் அக்கா.

சிக்கல் என்னவென்றால் அந்தக் கதை முழுக்க இழப்புகள். பெற்றவர்கள் அடுத்தடுத்து இறக்கிறார்கள். நிச்சயமான மாப்பிள்ளை கலிப்பகையார் போரில் மாய்கிறார். அக்காவும் உயிரை விடத் துணிகிறார், தம்பி அழுது கேட்டதால் அவனுக்காக உயிர் தாங்குகிறார். கோயிலில் பிரசங்கம் செய்தால் இதை முழுதாகச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். 16 நாள் குழந்தைக்கு முன்னால், மாப்பிள்ளை இறந்ததையும் பெற்றவர்கள் போனதையும் சொன்னால் முன்வரிசைப் பாட்டிகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்வார்கள். மூடநம்பிக்கை என்று நீங்கள் நினைக்கலாம், இருக்கட்டும். மங்கல சபையில் மங்கலச் சொல் என்பது வந்தவர்களுக்குச் செய்கிற மரியாதை.

அதனால் கதையின் பின்பாதியை மட்டும் எடுங்கள். அவர் திருவதிகைக் கோயிலில் அலகிட்டார், மெழுகினார், பூ கொய்து மாலை கட்டினார். வேறு வழியில் போயிருந்த தம்பி திரும்பி வந்து நின்றபோது, ஒரு கடுஞ்சொல் இல்லாமல் ஐந்தெழுத்து ஓதித் திருநீறு கொடுத்து, விடியும் முன்னே கோயிலுக்குள் அழைத்துப் போனார். அந்தத் தம்பி பாட ஆரம்பித்த தேவாரம்தான் இன்றைக்கும் நமக்கு இருக்கிறது. இவ்வளவு போதும். தம்பி "வேறு வழி" போனது சமண சமயத்துக்கு என்று விளக்க வேண்டாம், சபையில் ஜைன நண்பர்கள் இருக்கலாம், இல்லாவிட்டாலும் தொட்டில் முன்னால் சமயச் சண்டை எதற்கு?

இதில் உங்களுக்கு ஒரு வசதி கிடைத்திருக்கிறது, கவனித்தீர்களா? நீங்களும் ஒரு அக்காவுடைய தம்பி. பேர்க் காரணத்தையும் பெற்றவர்களுக்கான வார்த்தையையும் இணைக்கிற கயிறு அதுதான். கீழே உள்ள பேச்சில் அதைத்தான் பிடித்திருக்கிறேன்.

எந்தப் பாட்டு சொல்றது? அப்பர் பாடின முதல் பதிகம் கூற்றாயினவாறுதானே, அதையே சொல்லிடலாமா?

வேண்டாம். அந்தப் பதிகம் திருவதிகையில் பிறந்தது, கதைக்கும் நேரடியாகப் பொருந்துகிறது, எல்லாம் உண்மை. ஆனால் எடுத்த எடுப்பில் கூற்று, அதாவது எமன். சூலை நோய் தீரப் பாடிய பாட்டு, வலி தாங்காமல் கதறுகிற பாட்டு. நோய் வந்தவர்களுக்காக ஓதுவது வேறு, பெயர் வைக்கிற அன்றைக்குச் சொல்வது வேறு.

பெண் குழந்தைக்கு என் தேர்வு எப்போதும் சம்பந்தர் சீர்காழியில் பாடியதுதான், மூன்றாம் திருமுறையில் வருவது:

மண்ணில் நல்ல வண்ணம் வாழலாம் வைகலும்
எண்ணில் நல்ல கதிக்கு யாதுமோர் குறைவிலை
கண்ணில் நல்லஃ துறும் கழுமல வளநகர்ப்
பெண்ணில் நல்லாளொடும் பெருந்தகை இருந்ததே

முதல் சொல்லிலிருந்து கடைசி வரை அமங்கலமாக ஒன்றும் இல்லை, வாழலாம் என்றே தொடங்குகிறது, அம்மையும் அப்பனும் சேர்ந்து இருக்கிறார்கள், "பெண்ணில் நல்லாள்" என்ற வார்த்தை தொட்டிலில் கிடக்கிறவளுக்கும் அப்படியே பொருந்துகிறது. கழுமலம் என்பது சீர்காழியின் பழைய பெயர்களில் ஒன்று என்று அரை வரியில் சொல்லிவிட்டுப் போகலாம். திருமுறை ஓதும்போது முன்னும் பின்னும் "திருச்சிற்றம்பலம்" சொல்வது மரபு, முன்வரிசையில் நாலு பேர் கூடவே சொல்வார்கள், அதற்கு ஒரு கணம் இடம் விடுங்கள். பண்ணோடு பாடத் தெரிந்தால் பாடுங்கள், தெரியாவிட்டால் நிறுத்தி நிதானமாகச் சொன்னாலே அழகு. ஒரு பாட்டுக்கு மேல் வேண்டாம். தேவாரம், திருக்குறள், பாரதியார் என்று மூன்றையும் அடுக்கினால் பேச்சுப் போட்டி வாசம் வந்துவிடும்.

சரி, முழுப் பேச்சு ஒண்ணு எழுதிக் காட்டுங்க, நான் பேர்களை மட்டும் மாத்திக்கிறேன்.

எழுதியிருக்கிறேன். குலதெய்வத்துக்கும் அத்தைக்கும் குழந்தையின் அப்பா வீட்டுப் பெயர்களைப் போட்டுக்கொள்ளுங்கள். அக்கா கணவரைப் பண்ருட்டிப் பக்கம் மாமா என்பதால் அப்படி வைத்திருக்கிறேன், உங்கள் வீட்டில் அத்தான் என்றால் மாற்றிக்கொள்ளுங்கள்.

"இந்தக் குடும்பத்தைக் காத்து நிற்கிற குலதெய்வத்தை வணங்குகிறேன். மாமா வீட்டுத் தாத்தா, பாட்டி, எங்கள் அப்பா, அம்மா, இங்கே வந்திருக்கிற பெரியவர்கள் எல்லாருக்கும் என் வணக்கம்.

அம்மாடி திலகவதி! உன் அத்தை இப்போதுதான் உன் காதில் அந்தப் பேரைச் சொன்னாங்க. நான் ரெண்டாவது ஆளாகக் கூப்பிடுகிறேன். உன் பேரில் ஒரு பெரியம்மா நம்ம ஊர்ப் பக்கத்தில் இருந்தார். திருவாமூரில் பிறந்து, திருவதிகைக் கோயிலில் தினமும் அலகிட்டு, மெழுகி, சாமிக்குப் பூக்கட்டிக் கொடுத்தவர். அவருக்கு ஒரு தம்பி. தம்பி தூரமாகப் போய்விட்டு ஒரு ராத்திரி திரும்பி வந்தான். ஏன் போனாய் என்று அவர் கேட்கவில்லை. திருநீறு கொடுத்தார், கையோடு கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்தத் தம்பிதான் அப்பர் சுவாமி. அவர் பாடிய தேவாரம் இன்றைக்கும் கோயில் கோயிலாக ஒலிக்கிறது என்றால் அதற்குப் பின்னால் ஓர் அக்கா இருக்கிறார். அந்த அக்கா பேர்தான் உனக்கு. நீ என்ன படிப்பாய், என்ன ஆவாய் என்றெல்லாம் இன்றைக்கு நான் சொல்லப் போவதில்லை, அது உன் பாடு. வீட்டுக்குத் தாமதமாக வருகிறவர்களுக்கும் கதவு திறக்கிற மனசு உனக்கு வாய்க்கட்டும்.

அக்கா, எனக்கும் அப்படி ஒரு அக்கா கிடைத்தது. நான் வீட்டில் திட்டு வாங்கின நாளெல்லாம் எனக்குச் சாப்பாடு எடுத்து வைத்தது நீதான். இனிமேல் அந்தச் சாப்பாடு உன் பொண்ணுக்கு. மாமா, எங்கள் வீட்டுப் பொண்ணை இத்தனை நாள் பார்த்துக்கொண்ட மாதிரியே இவளையும் பார்த்துக்கொள்வீங்க என்று எங்களுக்குத் தெரியும். ராத்திரி ரெண்டு மணிக்கு இவள் அழும்போது முதல் தடவை நீங்க எழுந்திருங்க, ரெண்டாவது தடவை அக்கா எழுந்துக்கட்டும்.

வெயிலில் தூரத்திலிருந்து வந்திருக்கிற உறவினர்களே, நண்பர்களே! பெயரை வைப்பது நாங்கள், அதைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வாழ வைக்கப் போவது நீங்கள். சாப்பிடப் போகும் முன் ஒரே ஒரு தடவை, எல்லாரும் சேர்ந்து மெதுவாக, திலகவதி என்று கூப்பிட்டு வாழ்த்துங்கள்.

திருச்சிற்றம்பலம். மண்ணில் நல்ல வண்ணம் வாழலாம் வைகலும்..."

பாட்டு முடிந்ததும் மறுபடி திருச்சிற்றம்பலம், அப்புறம் "எல்லாரும் இருந்து சாப்பிட்டுத்தான் போகணும்" என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். ராத்திரி ரெண்டு மணி வரி உங்கள் மாமா சிரிக்கிற ஆள் என்றால் மட்டும். அவர் அம்மா கொஞ்சம் கறார் என்றால் எடுத்துவிடுங்கள், மாப்பிள்ளையைச் சபையில் வேலை ஏவியதாக அவர் எடுத்துக்கொள்ளலாம். "மெதுவாக" என்ற சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள். நூறு பேர் உரக்கக் கூப்பிட்டால் குழந்தை வீறிட்டு அழும், அப்புறம் தேவாரம் யார் காதிலும் ஏறாது.

குழந்தையோட அப்பா வழித் தாத்தா போன வருஷம் தவறிட்டார். சொல்லலைன்னா பாட்டி வருத்தப்படுவாங்க, சொன்னா அழுவாங்க. என்ன பண்றது?

சொல்லுங்கள், ஆனால் வணக்கம் சொல்கிற இடத்திலேயே, ஒரே வரியில். "தெய்வமாக இருந்து ஆசி தருகிற தாத்தாவையும் வணங்கி" என்றால் போதும். "அவர் மட்டும் இன்றைக்கு இருந்திருந்தால்" என்று தொடங்குகிற வாக்கியம்தான் ஆபத்து. அது நிச்சயம் கண்ணீரில் முடியும், பேசுகிறவரின் குரலும் உடையும், மீண்டு வர நேரம் பிடிக்கும். சில வீடுகளில் தாத்தா பெயரையோ அதில் பாதியையோ குழந்தைக்கு வைத்திருப்பார்கள். அப்படியென்றால் அதை அப்பாவோ பாட்டியோ சொல்லட்டும், நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம். பாட்டியிடம் முதல் நாளே, "தாத்தா பேரை இப்படிச் சொல்லப் போறேன் அத்தை" என்று காதில் போட்டுவிட்டால் பாதி அழுகை வீட்டிலேயே முடிந்துவிடும்.

நாங்க வைணவக் குடும்பம். இதில் என்ன மாத்தணும்?

பாட்டும் முடிப்பும் மாறும். பெயர் வைப்பதைப் பற்றி நேரடியாகப் பாடியவர் பெரியாழ்வார். காசுக்கும் துணிக்கும் ஆசைப்பட்டுக் கண்ட பெயரை வைக்காதீர்கள், கேசவன் பெயரை வையுங்கள், நாரணனின் தாய் நரகம் புகமாட்டாள் என்று பெரியாழ்வார் திருமொழியில் ஒரு பதிகமே இருக்கிறது. பலரும் ஆசையாக அதை எடுத்து மேடையில் சொல்லி மாட்டிக்கொள்கிறார்கள். முதல் பாட்டே வேறு பெயர் வைக்கிற பெற்றோரை "ஆதர்காள்" என்று, அதாவது அறிவில்லாதவர்களே என்று, வைகிறது. முன்வரிசையில் ரியா, தன்விக் என்று பெயர் வைத்த பெற்றோர் மடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருப்பார்கள். போதாததற்கு நரகம் என்ற சொல்லும் வருகிறது. பெயர் கேசவன், கோவிந்தன், மாதவன் என்று இருந்தால், இந்தப் பெயர்களை வைக்கச் சொல்லி ஆழ்வாரே பாடியிருக்கிறார் என்று கருத்தை மட்டும் சொல்லலாம்.

ஓதுவதற்கு அவருடைய தாலாட்டு இருக்கிறதே! "மாணிக்கம் கட்டி வயிரம் இடைகட்டி, ஆணிப் பொன்னால் செய்த வண்ணச் சிறுதொட்டில்" என்று தொடங்குவது. பிரமனே கண்ணனுக்குத் தொட்டில் அனுப்பினான் என்று பாடுகிறார். தொட்டில் போடுகிற நாளுக்கு இதைவிடப் பொருத்தமாக எதுவும் தேட வேண்டாம், "தாலேலோ" வருகிற இடத்தில் பாட்டிகள் தாங்களாகவே சேர்ந்துகொள்வார்கள். திருச்சிற்றம்பலம் இங்கே வராது, அதைப் பழக்கதோஷத்தில் சொல்லிவிடாதீர்கள்.

எங்க வீட்டில நியூமராலஜி பார்த்து ஒரு பேர் வச்சிருக்காங்க. அதுக்குக் கதையும் இல்லை, அர்த்தமும் இல்லை. பேர்க் காரணம்னு என்ன சொல்றது?

இல்லாத அர்த்தத்தை இணையத்தில் தேடி எடுத்து சொல்லாதீர்கள். சமஸ்கிருதம் தெரிந்த ஒரு பெரியவர் கூட்டத்தில் எப்படியும் இருப்பார். பெயரைத் தேர்ந்தெடுத்த விதத்தைச் சொல்லுங்கள்: யார் முதலில் சொன்னது, யார் மறுத்தது, கடைசியில் எப்படி ஒத்துக்கொண்டார்கள் என்பது எந்தக் குடும்பத்திலும் நல்ல கதைதான். அதோடு, காதில் சொல்லும்போது குலதெய்வத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்கிற வழக்கம் பல வீடுகளில் உண்டு. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு பக்திப் பகுதியை அங்கே வைத்துவிடலாம்.

இதே பேச்சை மஞ்சள் நீராட்டுக்கு மாத்திப் பேசலாமா?

முடியாது. தொட்டிலில் இருப்பவளுக்கு நீங்கள் பேசுவது புரியாது, மணையில் 12, 13 வயதில் உட்கார்ந்திருப்பவளுக்கு ஒவ்வொரு சொல்லும் புரியும், பள்ளித் தோழிகளும் பக்கத்தில் இருப்பார்கள். "பெரியவளாகிட்டா", "அடுத்து கல்யாணச் சாப்பாடுதான்" என்கிற வரிகளைத் தாய்மாமன்கள் வழக்கமாகச் சொல்லி, வழக்கமாக அந்தப் பிள்ளை தலை குனிந்துகொள்ளும். உடம்பைப் பற்றியும் கல்யாணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தையும் வேண்டாம். அவளிடமே முன்னால் கேளுங்கள், நான் பேசட்டுமா என்று. வேண்டாம் என்றால் சீர்த்தட்டை வைத்து, திருநீறு பூசி, தலையில் கை வைத்து வாழ்த்திவிட்டு உட்காருங்கள். சரி என்றால் ஒரு நிமிடம், அவள் நன்றாகச் செய்கிற ஒரு விஷயத்தைப் பற்றி, அப்புறம் மேலே சொன்ன அதே தேவாரம்.

மனப்பாடம் வராது. செல்போனைப் பார்த்துப் படிச்சா தப்பா தெரியுமா?

தப்பில்லை, ஆனால் காகிதம் மேல். பேச்சின் நடுவே போன் அடிக்கும், வாட்ஸ்அப் செய்தி மேலே வந்து வரியை மறைக்கும், கையில் இருக்கிற மஞ்சளும் குங்குமமும் திரையில் ஒட்டும். அரைத்தாளில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். பெரியவர்கள் வரிசையையும் குலதெய்வத்தின் பெயரையும் தேவாரத்தையும் முழுதாக எழுதுங்கள், இந்த மூன்றும் தவறக்கூடாது. குழந்தையிடம் பேசுகிற பகுதிக்கு மட்டும் நாலு குறிப்புச் சொற்கள் போதும், அதைத் தாளைப் பார்த்துப் படித்தால் நன்றாக இருக்காது. தேவாரத்தை வீட்டில் அம்மாவிடம் ஒரு தடவை சொல்லிக் காட்டுங்கள். "நல்லஃ துறும்" என்ற இடத்தில்தான் நாக்கு தடுக்கும்.